ஒரு குரலுக்கு யூஎஸ்பி மைக் போதும், இரண்டாவது குரல் வரும்வரை

யூஎஸ்பி மைக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கும். மேலே குரலை மின்சாரமாக மாற்றும் கேப்ஸ்யூல். அதற்குக் கீழே அந்த மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப். அடுத்து, பெருக்கியதை எண்களாக மாற்றும் கன்வெர்ட்டர். கடைசியாக, அந்த எண்களைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் யூஎஸ்பி சிப். எக்ஸ்எல்ஆர் வழியில் போனாலும் இதே நான்கும் இதே வரிசையில்தான் வரும். முதலாவது மட்டும் மைக்கில் இருக்கும், மற்ற மூன்றும் மேசைமேல் ஒரு தனிப் பெட்டியில் இருக்கும். நடுவில் மூன்று பின் கொண்ட கேபிள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலிருந்தே பாடமோ பாட்காஸ்ட்டோ பதிவு செய்பவர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "எக்ஸ்எல்ஆர் மைக்கில் குரல் ரேடியோ மாதிரி கேட்கிறதே, யூஎஸ்பி மைக்கில் அப்படி வருவதில்லையே" என்பார்கள். அவர்கள் காதால் கேட்டது உண்மைதான். ஆனால் காரணம் கேபிள் அல்ல. பெரும்பாலான ஒப்பீடுகளில் யூஎஸ்பி பக்கம் இருப்பது ஒரு கண்டென்சர் மைக். மேசைமேல் அதனோடு வந்த குட்டி ஸ்டாண்டில், பேசுகிறவரின் வாயிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும். எக்ஸ்எல்ஆர் பக்கம் இருப்பது ஒரு டைனமிக் மைக். நீட்டிய கையில் மாட்டி, உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் தொங்கும். அங்கே ஒப்பிடப்படுவது தூரமும் மைக்கின் வகையும்தான். எக்ஸ்எல்ஆரும் யூஎஸ்பியும் அந்தப் போட்டியில் இறங்கவே இல்லை.

நேர்மையாகச் சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு வாயும் உள்ள மைக் ஒன்று தேவை. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ், ஷூர் எம்வி7 எல்லாம் அந்த வகை. அடியில் யூஎஸ்பி சாக்கெட்டும் இருக்கும், எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும் இருக்கும். கேப்ஸ்யூல் ஒன்றே. மைக்கை அசைக்காமல், நாற்காலியை நகர்த்தாமல், ஒரே பத்தியை இரண்டு வழியிலும் படித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். இரண்டு பதிவில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தாலே போதும், காது அதைத்தான் "தெளிவு" என்று சொல்லும்.

நான் க்யூ2யூ-வில் இதைச் செய்து பார்த்தேன். ஹெட்ஃபோனில் கேட்டபோது, பேசும் இடங்களில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேச்சு நின்ற இடைவெளிகளில், சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்துக் கேட்டால், யூஎஸ்பி பதிவில் இரைச்சல் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. அதுவும் ஃபேனை நிறுத்திய பிறகுதான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டிலும் ஃபேன்தான் கேட்டது.

ஃபேன் என்று சொன்னேன் அல்லவா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கில்லை.

ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் சத்தம் இருக்கும். தூரம் பாதியானால் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரிலிருந்து 50 சென்டிமீட்டர், 25, 12 என்று மூன்று முறை பாதியாக்கினால் 18 டெசிபல் கூடி, மைக்குக்கு வந்து சேர்வது 78 டெசிபல். இப்போது அறையைப் பாருங்கள். ஃபேன் சுற்றுகிற, ஜன்னல் முழுசாக மூடாத சாதாரண அறையில் 40 டெசிபல் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆக, உங்கள் குரலுக்கும் அறையின் இரைச்சலுக்கும் நடுவே 38 டெசிபல் இடைவெளி.

இனி மைக்கின் சொந்த இரைச்சல். ஏடி2020 போன்ற எளிய கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல், தயாரிப்பாளர் கொடுக்கும் விவரப்படி, 20 டெசிபல் சத்தத்துக்குச் சமம். அறையின் இரைச்சலுக்கு அது 20 டெசிபல் கீழே கிடக்கிறது. அதாவது உங்கள் அறையில் அது கேட்கவே கேட்காது. விலை உயர்ந்த ஸ்டூடியோ மைக்குகளில் இது 5 டெசிபலுக்கும் கீழே போகும். சத்தம் புகாதபடி கட்டிய அறையில் அதற்கு மதிப்பு உண்டு. ஃபேன் ஓடும் அறையில் 20-க்கும் 5-க்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

"சரி, ஆனால் ப்ரீஆம்ப் தரம் என்று ஒன்று இருக்கிறதே?" இருக்கிறது. அது எங்கே தெரியும் என்றால் டைனமிக் மைக்கில்தான். ஏனென்றால் டைனமிக் மைக் கொடுக்கும் மின்சாரம் மிகவும் சொற்பம். பாட்காஸ்ட் வீடியோக்களில் அடிக்கடி பார்க்கும் ஷூர் எஸ்எம்7பி-யை எடுத்துக்கொள்வோம். 94 டெசிபல் சத்தம் விழுந்தால் அது தருவது 1.12 மில்லிவோல்ட். நம்முடைய 78 டெசிபல் குரலுக்கு அது 0.18 மில்லிவோல்ட்டாகக் குறைகிறது. அதே குரலுக்கு ஏடி2020 தருவது சுமார் 2.2 மில்லிவோல்ட், பன்னிரண்டு மடங்கு. அதனால்தான் எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் தரும் ப்ரீஆம்ப் வேண்டும் என்று ஷூர் சொல்கிறது. 60 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு. 0.18 மில்லிவோல்ட் அப்போதுதான் 0.18 வோல்ட் ஆகும். எளிய இன்டர்ஃபேஸ்களில் பல 50 முதல் 56 டெசிபலோடு நின்றுவிடும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, கெய்ன் குமிழைக் கடைசி வரை திருகியும் மீட்டர் எழும்பவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம்.

உடனே அவர்களிடம் பூஸ்டர் ஒன்றை வாங்கச் சொல்வார்கள். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டினால் இருபது, இருபத்தைந்து டெசிபல் கூட்டித் தரும் சின்னக் குழாய். வாங்குவதற்கு முன்னால் இன்னொரு கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் இரைச்சலை உள்ளீட்டில் அளந்தால் 0.3 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். விவரத்தாளில் இதை −128 டிபியூ என்று எழுதியிருப்பார்கள். உங்கள் குரல் 0.18 மில்லிவோல்ட், அதாவது 180 மைக்ரோவோல்ட். இரண்டுக்கும் இடையே 55 டெசிபல். அறையின் இரைச்சலோ குரலுக்கு 38 டெசிபல் கீழேதான் இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு மந்தமான மைக்கிலும் முதலில் காதில் விழப்போவது ஃபேன்தான், ப்ரீஆம்ப் இல்லை. மைக் பின்பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும் என்பதால் நிஜத்தில் அந்த 38 இன்னும் சில டெசிபல் ஏறலாம், ஆனாலும் 55-ஐத் தொடுவது கஷ்டம்.

பிறகு மீட்டர் எழும்பாததற்கு என்ன செய்வது? 24 பிட்டில் பதிவு செய்தால், குரல் மீட்டரில் −30 டெசிபல் பக்கம், அதாவது உச்ச அளவுக்கு முப்பது டெசிபல் கீழே, கிடந்தாலும் பரவாயில்லை. பதிவு முடிந்தபின் சாஃப்ட்வேரில் 12 டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஏற்றும்போது ப்ரீஆம்ப் இரைச்சலும் ஏறும், ஃபேனும் ஏறும், குரலும் ஏறும். மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறாது. மீட்டர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தால்தான் பதிவு நல்லது என்ற எண்ணம் டேப் காலத்து மிச்சம். பூஸ்டர் உதவும் இடமும் உண்டு. சில இன்டர்ஃபேஸ்கள் கெய்னைக் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் சீறும். அங்கே குமிழைச் சற்று இறக்கி வைக்க பூஸ்டர் இடம் கொடுக்கும். உங்களுடையது அப்படிச் சீறுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ளும் வழி எளிது. யூஎஸ்பிக்கும் எக்ஸ்எல்ஆருக்கும் இது பொருந்தும். வழக்கமாகப் பாடம் எடுக்கும் இடத்தில், வழக்கமான கெய்னில், அரை நிமிடம் பேசுங்கள். பிறகு பத்து வினாடி மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் சும்மா இருங்கள். பிறகு ஃபேன், லேப்டாப், பக்கத்து அறை ஃபிரிட்ஜ் என்று எதையெல்லாம் நிறுத்த முடியுமோ நிறுத்திவிட்டு இன்னும் பத்து வினாடி. லேப்டாப்பை நிறுத்தினால் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்காதீர்கள், அதைக் கேபிள் நீளும்வரை தள்ளி வைத்தால் போதும். இப்போது அலைவடிவத்தைப் பாருங்கள். பேசிய இடம் சராசரியாக −20-இல் இருக்கிறது, முதல் மௌனம் −56, இரண்டாவது மௌனம் −70 என்று வந்தால் உங்கள் பிரச்சினை அறை. மைக்கை மாற்றினாலும் மாறாது. இரண்டு மௌனமும் −56-லேயே நின்றால், அதுவும் காற்று வீசுவது போல ஒரே சீரான சீறலாகக் கேட்டால், அது எலெக்ட்ரானிக்ஸ். அப்போதுதான் புதுப் பெட்டிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. சீறலாக இல்லாமல், மெல்லிய விசில் போல ஒரே சுருதியில் கேட்கும். மவுஸை நகர்த்தினால் சில சமயம் அதுவும் மாறும். இது கம்ப்யூட்டரின் மின்சாரத்திலிருந்து வருவது. யூஎஸ்பி மைக்கில் இது அதிகம் தலைகாட்டும், ஏனென்றால் அந்தச் சின்ன ப்ரீஆம்ப் லேப்டாப்பின் ஐந்து வோல்ட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். விசில் போய்விட்டால் பாடம் எடுக்கும்போது சார்ஜர் போடாமல் இருப்பதுதான் இலவசத் தீர்வு. யூஎஸ்பி ஹப்பை விட்டு நேராக லேப்டாப்பிலேயே செருகுவதும் பலமுறை உதவும். எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், ப்ரீஆம்ப் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது அது அடிபட்டுப் போகும். கேபிள் நீளமாக இருந்தாலும் கவலை இல்லை என்பது இதனால்தான். ஆனால் இந்த நன்மை கேபிளில் ஏறும் இரைச்சலுக்கு மட்டும். இன்டர்ஃபேஸும் அதே லேப்டாப்பின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்றால் அதே விசில் அங்கேயும் வரலாம்.

தனியாகப் பேசுபவர் யூஎஸ்பியில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்றுதான்: கெய்ன் யார் கையில் இருக்கிறது என்பது. இன்டர்ஃபேஸில் அது ஒரு குமிழ், நீங்கள் திருகினால்தான் திரும்பும். யூஎஸ்பி மைக்கிலோ பல மாடல்களில் அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு ஸ்லைடர். வீடியோ கால் ஆப்கள் அதைத் தாங்களாகவே ஏற்றி இறக்கும். காலையில் ஒரு கால் பேசிவிட்டு மாலையில் பாடம் பதிவு செய்ய உட்கார்ந்தால், நேற்று 60-இல் வைத்த ஸ்லைடர் இன்று 95-இல் இருக்கும். பாடத்தின் நடுவில் குரலை உயர்த்தும் இடங்களில் அலைவடிவத்தின் தலை கத்தியால் வெட்டியது போலத் தட்டையாகியிருக்கும். கேட்டால் கரகரப்பாக இருக்கும், பின்னால் சரிசெய்யவும் முடியாது. ஆப்பின் அமைப்புகளில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். பதிவுக்கு முன்னால் ஸ்லைடரை ஒருமுறை பாருங்கள். மைக்கிலேயே கெய்ன் குமிழ் இருக்கும் மாடலாக வாங்கினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

எக்ஸ்எல்ஆர் பக்கம் புதியவர்களைப் பிடிக்கும் தொல்லை வேறு மாதிரி. பாடத்தை வெளியிட்ட பிறகு யாராவது எழுதுவார்கள்: "சார், இடது காதில் மட்டும்தான் கேட்கிறது." இரண்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸை கம்ப்யூட்டர் ஒரு ஸ்டீரியோ ஜோடியாகப் பார்க்கிறது. முதல் உள்ளீடு இடது, இரண்டாவது வலது. முதலில் மட்டும் மைக் இருந்தால் வலது பக்கம் வெறும் மௌனம். ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஹெட்ஃபோன் போட்டவருக்குத்தான் தெரியும். ஆடாசிட்டியில் பதிவு செய்கிறீர்கள் என்றால் சேனல் எண்ணிக்கையை மோனோவுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஸ்டீரியோவில் பதிவாகிவிட்டதென்றால் டிராக்கின் மெனுவில் `Split Stereo to Mono` என்று இருக்கும். பிரித்துவிட்டு, காலியாக இருக்கும் பாதியை நீக்கினால் முடிந்தது. அப்புறம் அந்த 48 வோல்ட் பொத்தான்: கண்டென்சர் மைக்குக்கு அது இல்லாமல் உயிர் வராது. சாதாரண டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை, கேபிள் சரியாக இருக்கும்வரை கெடுதலும் இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், தனியாகப் பாடம் எடுப்பவருக்கு இன்டர்ஃபேஸ் வாங்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. யூஎஸ்பி டைனமிக் மைக், அதைப் பிடிக்க ஒரு நீட்டும் கை, காற்றுத் தட்டாமல் இருக்க ஒரு ஃபோம் உறை போதும். மிச்சப் பணத்துக்கு அறையில் கனமான துணியைத் தொங்கவிடலாம். ஆனால் இரண்டாவது ஆள் வந்து உட்காரும்போது எல்லாம் மாறிவிடுகிறது.

நண்பர்கள் இருவர் உரையாடல் நிகழ்ச்சி ஒன்று தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு யூஎஸ்பி மைக், இருவரிடமும் ஒரே மாடல். ஒரே மேசை, ஒரே லேப்டாப். முதல் தடை அங்கேயே வந்தது: ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரு சாதனத்திலிருந்துதான் பதிவு செய்யும். அதனால் ஒருவர் தன் மைக்கை லேப்டாப்பிலும் இன்னொருவர் வேறொரு லேப்டாப்பிலும் செருகி, தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், கடைசியில் ஒரு கைதட்டல். அந்த அளவுக்கு முன்யோசனை அவர்களுக்கு இருந்தது நல்லதாகப் போயிற்று. எடிட் செய்ய என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் கைதட்டலை இரண்டு டிராக்கிலும் ஒரே கோட்டில் வைத்தேன். பத்து நிமிடம் வரை எல்லாம் சரியாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஒருவர் பேசும்போது கூடவே ஒரு நிழல் கேட்டது, குளியலறையில் பேசுவது போல. கடைசிப் பக்கம் போனால் அது தெளிவான எதிரொலி. 58-ஆவது நிமிடத்தில் இருந்த இரண்டாவது கைதட்டலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் டிராக்கில் விழுந்த கூர்முனைக்கும் கீழ் டிராக்கில் விழுந்த கூர்முனைக்கும் நடுவே 0.14 வினாடி இடைவெளி.

யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும் அதற்கென்று ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. வினாடிக்கு 48,000 முறை குரலை அளந்து எண்ணாக்கச் சொல்லித் தாளம் போடுவது அதுதான். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கைக்கடிகாரங்கள் ஒரு மாதத்தில் சில வினாடிகள் விலகுமே, அதுபோலத்தான். 58 நிமிடம் என்பது 3,480 வினாடி. 0.14-ஐ அதனால் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 40 பங்கு. வினாடிக்கு இரண்டே இரண்டு சாம்பிள் கூடுதல் குறைவு. இந்த மாதிரிப் படிகங்களில் இது சாதாரணமான அளவு, கெட்டுப்போன மைக் என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

தனியாகக் கேட்டால் 0.14 வினாடி விலகல் யாருக்கும் தெரியாது. கேள்விக்குப் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது போல இருக்கும், அவ்வளவே. இங்கே கெடுத்தது வேறு: இருவரும் ஒரே அறையில் இருந்ததால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் விழுந்திருந்தது. அவருடைய மைக்கில் குரல் ஒருமுறை, நண்பரின் மைக்கில் சற்றுத் தாழ்ந்து, சற்றுத் தள்ளி இன்னொரு முறை. தள்ளல் சில மில்லிவினாடியாக இருக்கும்போது குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல மெலியும். முப்பது நாற்பது மில்லிவினாடி தாண்டினால் காது அதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும்.

சரிசெய்தது இப்படி: இரண்டாவது டிராக்கை மொத்தமாக 0.004 சதவீதம் நீட்டினேன். சுருதி மாறுமே என்று பயப்பட வேண்டாம், இந்த அளவு மாற்றத்தை எந்தக் காதும் பிடிக்காது. கடைசிக் கைதட்டல் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. நடுவில் சில இடங்களில் மட்டும் ஓரிரு மில்லிவினாடி விலகல் எஞ்சியது. மைக் சூடாகச் சூடாகப் படிகத்தின் தாளமும் லேசாக மாறும் என்பதால் விலகல் நேர்க்கோட்டில் போகாது. அந்த இடங்களில், பேசாதவரின் டிராக்கை அடக்கிவிட்டேன். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு இந்த வேலை ஒரு மாலை முழுவதையும் தின்றுவிட்டது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. `Audio MIDI Setup` என்ற செயலியில் இரண்டு மைக்குகளையும் சேர்த்து `Aggregate Device` ஒன்றை உருவாக்கலாம். அதில் ஒரு மைக்கைத் தாளத்துக்குத் தலைவனாக வைத்துவிட்டு, மற்றதற்கு `Drift Correction` என்ற கட்டத்தில் டிக் போட்டால், விலகலைக் கம்ப்யூட்டரே ஓடும்போதே சரிசெய்துகொண்டிருக்கும். நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே மாடலில் இரண்டு மைக் இருந்தால் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் வந்து குழப்பலாம், ஒன்றைப் பிடுங்கிச் செருகித்தான் எது எவருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸிலும் இதற்கென்று துணைச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் அமைப்பைச் சரிபார்க்காமல் நம்பிப் பதிவு செய்யும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இரண்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெட்டிக்குள் ஒரே படிகம். இரண்டு மைக்கும் அதே தாளத்துக்குத்தான் அளக்கப்படுகின்றன. ஐந்து மணி நேரம் பேசினாலும் கடைசிக் கைதட்டல் முதல் கைதட்டல் போலவே விழும். மைக்குகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இருந்தால் ஒலி அங்கே போய்ச் சேர எடுக்கும் மூன்று மில்லிவினாடி மட்டும் எப்போதும் இருக்கும். இதன் பாதிப்பைக் குறைக்க, ஒருவர் மைக்கும் மற்றவர் வாயும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அவரவர் மைக் அவரவர் வாய்க்கு இருந்தால் போதும். மேலே சொன்ன இடது-வலது தொல்லை இங்கே வரமாகிறது: முதல் ஆள் இடது, இரண்டாம் ஆள் வலது என்று ஒரே ஸ்டீரியோ டிராக்காகப் பதிவு செய்து, பிறகு இரண்டாகப் பிரித்தால், இருமலையும் தும்மலையும் தனித்தனியாக வெட்டலாம். வெளியிடும்போது இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் இன்று யாராவது என்னிடம் கேட்டால், இரண்டு வாயும் உள்ள டைனமிக் மைக் ஒன்றை வாங்கச் சொல்கிறேன். தனியாக இருக்கும்வரை யூஎஸ்பியில் ஓட்டட்டும். இரண்டாவது ஆள் நிரந்தரமாக வரும் நாளில் அதேபோல் இன்னொரு மைக், இரண்டு உள்ளீடு உள்ள ஒரு இன்டர்ஃபேஸ், இரண்டு கேபிள். முதல் மைக் வீணாகாது. இன்னொரு நடைமுறை லாபமும் இதில் உண்டு. யூஎஸ்பி மைக்கில் முதலில் தளர்வது அந்தச் சின்ன சாக்கெட்தான், நாள்பட ஆடி ஆடி இணைப்பு விட்டுப்போகும். ஒரு வாய் மட்டும் உள்ள மைக்கில் அத்தோடு கதை முடிந்தது. இரண்டு வாய் உள்ளதில் எக்ஸ்எல்ஆர் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது ஆள் வேறு ஊரிலிருந்து வீடியோ காலில் பேசுகிறார் என்றால் மட்டும் இந்த ஆலோசனை மாறும். அப்போது உங்கள் மேசையில் எத்தனை உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தாலும் பயனில்லை. அவருடைய கன்வெர்ட்டர் அவர் வீட்டில், அவருடைய தாளத்தில் ஓடுகிறது. அவரும் விலையுயர்ந்த இன்டர்ஃபேஸ் வைத்திருந்தாலும் விலகல் விலகல்தான். அங்கே இருவருக்கும் யூஎஸ்பியே போதும். இருவரும் அவரவர் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிவு செய்யுங்கள், ஹெட்ஃபோன் கட்டாயம். கூடவே அந்தக் காலையும் ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைதட்டல் இங்கே உதவாது, நெட்வொர்க் தாமதத்தில் அது வேறு நேரத்தில் வந்து விழும். கால் பதிவின் தரம் சுமார்தான், ஆனால் அதில் இருவர் குரலும் ஒரே கோட்டில் இருக்கும். விருந்தினர் அனுப்பும் டிராக்கை அதன் கீழே வைத்து, முதல் நிமிடத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லையும் கடைசி நிமிடத்தில் சொன்ன ஒரு சொல்லையும் பொருத்தி, நடுவில் உள்ளதை அதற்கேற்ப நீட்டுங்கள். உங்கள் டிராக்கையும் அப்படியே செய்யுங்கள். பொருந்திய பிறகு கால் பதிவின் டிராக்கை ஊமையாக்கிவிடலாம். இருவரும் வெவ்வேறு அறையில் இருப்பதால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் விழாது, ஐம்பது மில்லிவினாடி முன்பின் இருந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது.